பழைய மிஷினை விற்றுப் புதியது வாங்கும் கணக்கு

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைக் கழித்துவிட்டு அதன் இடத்தில் புதியதை வைப்பது, புதிதாகத் தொழில் தொடங்குவது போன்ற முடிவு அல்ல. கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது; வாடிக்கையாளர் இருக்கிறார்; ஆட்கள் இருக்கிறார்கள்; பழைய இயந்திரமும் சரக்கைத் தந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே புதிய இயந்திரத்தில் எவ்வளவு லாபம் வரும் என்பது இங்கே கேள்வியே இல்லை. பழையதையே வைத்துக்கொண்டால் கைக்கு வரும் பணத்துக்கும், மாற்றினால் கைக்கு வரும் பணத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதுதான் கேள்வி. இந்த வித்தியாசத்தைக் கூடுதல் ரொக்க ஓட்டம் என்பார்கள். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் எந்தத் தொகையும் இதற்குள் வராது. முடிவால் மாறுகிற ஒவ்வொரு ரூபாயும், அது மாறுகிற தேதியோடு இதற்குள் வந்தாக வேண்டும்.

விதி சிறியது. ஆனால் உண்மையான ஒரு பட்டறையில் அதைப் பொருத்தும்போது எந்தத் தொகை உள்ளே, எது வெளியே என்பதில்தான் பெரும்பாலான கணக்குகள் தவறிப்போகின்றன. அதைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வாகனங்களுக்கு நைலான் உதிரிபாகங்கள் வார்த்துக் கொடுக்கும் சிறிய கம்பெனி ஒன்று. அதில் ஆறு ஆண்டுகளாக ஓடும் ஓர் இன்ஜெக்ஷன் மோல்டிங் மிஷின். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. வரி விதிகள் மட்டும் இந்தியாவில் நடப்பில் இருப்பவை.

பழைய மிஷின் வாங்கிய விலை 30 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 15 சதவீதம் என்று குறையும் மதிப்பில் தேய்மானம் கழித்துவந்ததில், இன்று கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு சுமார் 11.31 லட்சம். சந்தையில் விற்றால் 6 லட்சம் கிடைக்கும். விற்காமல் வைத்துக்கொண்டால் இன்னும் ஐந்து ஆண்டு ஓடும். அதன்பின் 1 லட்சத்துக்குப் போகும். புதியது சர்வோ மோட்டார் பொருத்திய மிஷின். விலை 40 லட்சம். லாரி வாடகை, கிரேன், அடித்தளம், மின் இணைப்பு, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து இன்னும் 2 லட்சம். ஐந்து ஆண்டு கழித்து விற்றால் 14 லட்சம் வரும் என்பது மதிப்பீடு.

இந்த எண்களில் 30 லட்சத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். அது ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்தாகிவிட்ட பணம். மிஷினை வைத்துக்கொண்டாலும் அது திரும்பி வராது, விற்றாலும் வராது. போன வருடம்தான் பெரிய செலவு செய்து ரிப்பேர் பார்த்தோம், அதற்குள் விற்பதா என்ற தயக்கத்துக்கும் இதே பதில்தான்.

11.31 லட்சம் என்ற புத்தக மதிப்புதான் அதிகம் பேரைக் குழப்புகிறது. 11.31 லட்சம் மதிப்புள்ள பொருளை 6 லட்சத்துக்கு விற்றால் 5.31 லட்சம் நஷ்டம் என்று கணக்கேட்டில் எழுத நேரிடும். அந்த நஷ்டத்தைப் புதிய மிஷினின் செலவோடு சேர்த்துப் பார்த்து, மாற்றுவது கட்டாது என்று முடிவெடுக்கும் முதலாளிகள் உண்டு. உண்மையில் அந்த நஷ்டம் விற்கும் நாளில் பிறந்ததல்ல. ஆறு ஆண்டுகளில் மிஷினின் மதிப்பு கணக்கேடு சொன்னதைவிட வேகமாக இறங்கிவிட்டது; கணக்கேடு அதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறது. விற்காமல் வைத்திருந்தால் 5.31 லட்சம் பிழைத்துக்கொள்ளுமா என்றால், இல்லை.

புத்தக மதிப்பால் ரொக்கத்தை நேரடியாக அசைக்க முடியாது. அதற்கு இருக்கும் ஒரே வழி வருமான வரி. பல பாடநூல்களில் பழைய இயந்திரத்தை விற்ற நஷ்டத்துக்கு வரிச் சலுகை கணக்கிட்டு, அதை முதல் நாளின் வரவாக எழுதச் சொல்லியிருக்கும். ஒவ்வொரு சொத்துக்கும் தனித்தனியாக லாப நஷ்டம் பார்க்கும் வரி முறைகளுக்கு அது சரி. இந்தியாவில் அப்படியல்ல. 1988-89 மதிப்பீட்டு ஆண்டு முதல் இங்கே ஒரே தேய்மான வீதமுள்ள இயந்திரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பாகவே பார்க்கப்படுகின்றன. ஒரு மிஷினை விற்றால் அந்த விற்பனைத் தொகை தொகுப்பின் மதிப்பிலிருந்து கழியும். புதிதாக ஒன்றை வாங்கினால் அதன் விலை தொகுப்பில் சேரும். தொகுப்பில் சொத்தும் மதிப்பும் மீதி இருக்கும்வரை, விற்றதில் தனியாக லாபமும் வராது, நஷ்டமும் வராது.

நம் கம்பெனியின் தொகுப்பில் இந்த ஒரு மிஷினின் பங்கு 11.31 லட்சம். மாற்றாவிட்டால் தேய்மானம் இதன் மேல் ஓடும். மாற்றினால் 6 கழிந்து 42 சேர்ந்து 47.31 லட்சத்தின் மேல் ஓடும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 36 லட்சம். பழைய புத்தக மதிப்பு இரண்டு பக்கமும் இருந்ததால் அடிபட்டுப் போயிற்று. அது 11 லட்சமாக இல்லாமல் 3 லட்சமாக இருந்திருந்தாலும், கம்பெனியின் மற்ற மிஷின்களால் தொகுப்பில் மதிப்பு மீதி இருக்கும்வரை விடை இதேதான். முதல் நாளில் கையைவிட்டுப் போகும் நிகர ரொக்கமும் 42 கழித்தல் 6, அதே 36 லட்சம்.

அந்த 6 லட்சத்தை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். பழையதை வைத்துக்கொள்வது இலவசமல்ல. இன்று கைக்கு வரக்கூடிய 6 லட்சத்தை விட்டுக்கொடுத்தால்தான் அதை வைத்திருக்க முடியும். பழைய மிஷினின் இன்றைய விலை, ஆறு ஆண்டுக்கு முந்தைய பில்லில் உள்ளதல்ல. இன்றைக்கு வாங்க வருபவர் தரத் தயாராக இருப்பதுதான்.

ஜிஎஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 40 லட்சம் மிஷினுக்கு 18 சதவீதம் என்றால் 7.2 லட்சம். உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் கம்பெனிக்கு இது பின்னால் வரவாகிவிடும் என்பதால் செலவில் சேராது; வரவு எடுத்த அந்தத் தொகைக்குத் தேய்மானமும் கேட்க முடியாது. கூட்டுவரித் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரவு கிடையாது, அவருக்கு 7.2 லட்சமும் மிஷினின் விலைதான்.

இனி சேமிப்பின் பக்கம். மிஷின் விற்க வருபவர் பொதுவாக மின்சாரச் சேமிப்பை மணிக்கு இத்தனை யூனிட் என்று சொல்வார். அந்த அளவுகோலை வைத்துக் கணக்குப் போடுவது ஆபத்து. புதிய மிஷின் வேகமாக வார்க்கும் என்றால், அதே அளவு சரக்குக்கு அது குறைந்த மணி நேரம்தான் ஓடும். ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை யூனிட் என்று பார்ப்பதே சரியான அளவு. பழைய மிஷினில் ஹைட்ராலிக் பம்ப், அச்சு குளிர்வதற்காகக் காத்திருக்கும் நேரத்திலும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் அந்த நேரத்தில் ஏறத்தாழ ஓய்ந்துவிடும். சேமிப்பு வருவது அங்கிருந்துதான். பழையது கிலோவுக்கு 1.1 யூனிட், புதியது 0.6 யூனிட் எடுத்துக்கொள்கிறது என்றும், ஆண்டுக்கு 1,20,000 கிலோ உற்பத்தி என்றும் வைத்தால் 60,000 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் 4.8 லட்சம்.

அடுத்தது ரிஜெக்ட். நூற்றுக்கு 4 கிலோ வீணானது 1.5 கிலோவாகக் குறையும் என்றால் ஆண்டுக்கு 3,000 கிலோ தப்பிக்கிறது. இதை அப்படியே நைலானின் வாங்கும் விலையால் பெருக்கக் கூடாது, ஏனென்றால் வீணான சரக்கும் குப்பைக்குப் போவதில்லை. கிலோ 250 ரூபாய்க்கு வாங்கிய நைலான், கழிவாக 150 ரூபாய்க்கு விற்கிறது என்றால் உண்மையான இழப்பு கிலோவுக்கு 100 ரூபாய். ஆகச் சேமிப்பு 3 லட்சம். இதோடு ஹைட்ராலிக் ஆயில், சீல், மெக்கானிக் கூலி என்று பராமரிப்பில் 1.8 லட்சம் குறைகிறது. மொத்தம் ஆண்டுக்கு 9.6 லட்சம்.

ஆட்கூலியில் எதுவும் எழுதவில்லை. பழைய மிஷினுக்கு ஒரு ஆபரேட்டர் என்றால் புதியதற்கும் ஒரு ஆபரேட்டர்தான். ஆளின் நேரத்தில் கால் பங்கு மிச்சமாகும் என்று விலைப்பட்டியலில் எழுதியிருந்தாலும், அந்தக் கால் பங்குக்காக யாருடைய சம்பளமும் குறையப்போவதில்லை என்றால் அது ரொக்கம் ஆகாது. மேனேஜர் சம்பளம், வாடகை போன்றவற்றை மிஷின்களுக்குப் பங்கு பிரித்துப் போட்டிருக்கும் கம்பெனிகளிலும் இதே கவனம் வேண்டும். பங்கு மாறலாம், மாதக் கடைசியில் கொடுக்கும் தொகை மாறாது.

வேகம் கூடியதால் அதிகமாகச் சரக்கு வார்க்கலாமே என்பது உண்மைதான், ஆர்டர் இருந்தால். அப்படி இருந்தால் கூடுதல் விற்பனைத் தொகை முழுவதையும் எழுதாமல், அதிலிருந்து நைலான், மின்சாரம், பேக்கிங் ஆகியவற்றைக் கழித்த மிச்சத்தை மட்டும் எழுத வேண்டும். கூடுதல் சரக்குக்காக மூலப்பொருளிலும் கடன் பாக்கியிலும் முடங்கும் பணத்தை ஆரம்பத்தில் செலவாகவும், கடைசி ஆண்டில் திரும்பும் வரவாகவும் காட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கூடுதல் ஆர்டர் இல்லை. ஆகவே வேகத்துக்கு மதிப்பும் இல்லை.

சேமிப்பு கூடினால் லாபம் கூடும். லாபம் கூடினால் வரியும் கூடும். கம்பெனி 22 சதவீத வரித் திட்டத்தில் இருக்கிறது என்று கொண்டால், மேல்வரிகள் சேர்த்துச் சுமார் 25 சதவீதம். 9.6 லட்சத்தில் வரி போகக் கையில் நிற்பது 7.2 லட்சம். மறுபக்கம், 36 லட்சத்தின் மேல் கிடைக்கும் கூடுதல் தேய்மானம் வரியைக் குறைக்கும். தேய்மானம் ரொக்கமாக வெளியே போவதில்லை. அதனால் மிச்சமாகும் வரி மட்டுமே ரொக்கம். முதல் ஆண்டுத் தேய்மானம் 5.4 லட்சம், வரி மிச்சம் 1.35 லட்சம். குறையும் மதிப்பு முறை என்பதால் இது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி ஐந்தாம் ஆண்டில் சுமார் 70,000 ரூபாய்க்கு வந்துவிடும்.

இங்கே வாங்கும் தேதியும் கணக்கில் வருகிறது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட புதிய மிஷினுக்கு அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான். அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஓடத் தொடங்கவில்லை என்றால் நம் கணக்கில் முதல் ஆண்டு வரி மிச்சத்தில் சுமார் 79,000 ரூபாய் பின்னால் தள்ளிப்போகும். முழுவதும் போய்விடாது, ஆனால் தள்ளிவரும் ரூபாயின் மதிப்பு குறைவு.

இப்போது ஓட்டத்தை வரிசையாக வைக்கலாம். இன்று வெளியே போவது 36 லட்சம். ஆண்டுக் கடைசிகளில் உள்ளே வருவது முறையே 8.55, 8.35, 8.18, 8.03, 7.90 லட்சம். ஐந்தாம் ஆண்டு முடிவில் புதியதை விற்றால் 14 லட்சம். பழையதை வைத்திருந்தால் கிடைத்திருக்கும் 1 லட்சம் இப்போது கிடைக்காது. ஆக வித்தியாசம் 13 லட்சம். அந்த 1 லட்சத்தைக் கழிக்க மறப்பது அடிக்கடி நடக்கும் பிழை. எல்லாவற்றையும் வெறுமனே கூட்டினால் 54 லட்சம் வருகிறது. 36 போட்டு 54 எடுப்பது நல்ல வியாபாரம் போலத் தோன்றும்.

ஆனால் ஐந்தாம் ஆண்டில் வரும் ரூபாய் இன்றைய ரூபாய் அல்ல. இந்தக் கம்பெனி போடும் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதமாவது வர வேண்டும் என்று வைத்தால், ஓராண்டு கழித்து வரும் ரூபாய்க்கு இன்று 89 காசு மதிப்பு. ஐந்தாண்டு கழித்து வருவதற்கு சுமார் 57 காசுதான். அப்படி ஒவ்வொன்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஐந்து ஆண்டு வரவு 29.70 லட்சம், விற்பனை வித்தியாசம் 7.37 லட்சம், ஆக 37.07 லட்சம். இதில் 36 போக நிகர நிகழ்கால மதிப்பு 1.07 லட்சம். தொகுப்பில் ஐந்தாண்டுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் சிறு மதிப்புக்கு வரும் தேய்மானச் சலுகையைச் சேர்த்தாலும் இன்னும் சுமார் 23,000 ரூபாய்தான் கூடும். விடை, மாற்றலாம். புத்தக நஷ்டம் 5.31 லட்சத்தைச் செலவாகச் சேர்த்திருந்தால் இதே திட்டம் 4 லட்சத்துக்கு மேல் நஷ்டம் காட்டியிருக்கும்.

வட்டி எங்கே என்று கேட்கத் தோன்றும். கடன் வாங்கித்தான் மிஷின் வாங்கப்போகிறோம், அதற்கான வட்டியை ஆண்டுச் செலவில் காணோமே என்பது நியாயமான சந்தேகம். பணத்தின் விலை அந்த 12 சதவீதத்துக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வட்டியை மறுபடி கழித்தால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகும். சிறு தொழிலில் இதைவிடப் பரவலானது மாதத் தவணையோடு ஒப்பிடும் வழக்கம். 42 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 89,000 ரூபாய், ஆண்டுக்கு 10.7 லட்சம். சேமிப்போ 9.6 லட்சம். தவணைக்கே பற்றவில்லை, எனவே வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். அந்த ஒப்பீட்டில் பழையதை விற்று வரும் 6 லட்சம் இல்லை, வரி இல்லை, ஐந்தாண்டு கழித்துக் கையில் நிற்கும் 14 லட்ச ரூபாய் மிஷினும் இல்லை. தவணை கட்ட மாதாமாதம் பணம் இருக்குமா என்பது அவசியமாகக் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது கையிருப்பைப் பற்றிய கேள்வி. மாற்றுவது லாபமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

36 லட்சம் போடுகிற இடத்தில் 1.07 லட்சம் மெல்லிய விளிம்பு. எது நகர்ந்தால் விடை புரளும் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஆண்டுச் சேமிப்பு 9.6 லட்சத்திலிருந்து சுமார் 9.2 லட்சத்துக்கு இறங்கினாலே மிச்சம் பூஜ்யமாகிவிடும். மின்சாரத்திலும் ரிஜெக்டிலும் சேர்ந்து கிலோவுக்கு 6.50 ரூபாய் சேமிப்பு என்பதால், ஆண்டு உற்பத்தி 1,20,000 கிலோவிலிருந்து 1,14,000 கிலோவுக்குக் குறைந்தாலே போதும், அதாவது ஐந்து சதவீதம். அதேபோல ஐந்தாண்டு கழித்து 14 லட்சத்துக்குப் பதில் 10 லட்சம்தான் கிடைத்தால், இன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் போய்விடும். திட்டம் நஷ்டத்தில் நிற்கும். பழைய மிஷின் விற்பவர்களிடம் ஐந்தாறு வருடம் ஓடிய இதே வகை மிஷின் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுப் பார்ப்பது, எந்தச் சூத்திரத்தையும்விட இந்த எண்ணைத் திடப்படுத்தும்.

எதிர்ப்பக்கம் தள்ளும் தொகை ஒன்றும் பல கணக்குகளில் விட்டுப்போகிறது. பழையதை வைத்துக்கொண்டால் செய்தே ஆக வேண்டிய செலவு அது. இரண்டாம் ஆண்டில் அதன் ஸ்க்ரூவும் பேரலும் மாற்றியாக வேண்டும், 2 லட்சம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், புதியதை வாங்குவதால் அந்தச் செலவு தவிர்கிறது. வரி போக 1.5 லட்சம், இன்றைய மதிப்பில் சுமார் 1.2 லட்சம். இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் நிகர மதிப்பு இரண்டு மடங்குக்கு மேலாகிவிடுகிறது. பழைய மிஷின் இப்போது ஓடுவதுபோலவே ஐந்து ஆண்டும் ஓடும் என்று எழுதிவிடுவது, மாற்றும் யோசனைக்கு அறியாமலே செய்யும் அநீதி.

எண்களின் நம்பகத்தை வாங்குவதற்கு முன்பே சோதிக்க வழியுண்டு. பழைய மிஷினில் தனியாக மீட்டர் பொருத்தி, ஒரு வாரம் ஓட்டி, வந்த யூனிட்டை வார்த்த கிலோவால் வகுத்தால் உண்மையான அளவு தெரிந்துவிடும். மிஷின் விற்பவரின் பட்டறைக்குத் தன் அச்சையே கொண்டுபோய் அதே நைலானில் ஓட்டிப் பார்க்கக் கேட்கலாம். அவருக்கு வசதியான அச்சில் எடுத்த அளவு இந்தக் கம்பெனிக்குப் பொருந்த வேண்டியதில்லை.

கடைசியாக, இன்றே மாற்றுவதா, சிறிது பொறுத்தா என்பதும் இந்த முடிவின் ஒரு பகுதிதான். வாங்கும் முக்கிய வாடிக்கையாளரின் ஒப்பந்தம் ஆறு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நின்றுபோய் உற்பத்தி 80,000 கிலோவாகக் குறைந்தால் ஆண்டுச் சேமிப்பில் 2.6 லட்சம் போகும். நிகர நிகழ்கால மதிப்பு 1.07 லட்சம் லாபத்திலிருந்து சுமார் 6 லட்சம் நஷ்டத்துக்கு இறங்கும். பொறுத்திருந்து கடைசியில் மாற்றாமலேயே போனாலும் கைவிட்டுப்போவது அந்த 1.07 லட்சம்தான், ஸ்க்ரூவும் பேரலும் சேர்ந்தால் 2.3 லட்சம். ஒப்பந்தம் நிற்குமா என்பதில் பலமான சந்தேகம் இருந்தால் ஆறு மாதம் பழையதையே ஓட்டுவது சரியான முடிவு. ஒப்பந்தம் ஏறத்தாழ உறுதி என்றால், அக்டோபருக்கு முன் புதியதை நிறுத்திவிடுவது சரி.